சொந்த நம்பரிலிருந்தே கால் வந்தால்: சிம்மக்கல் கடையில் கேட்கும் கேள்விகள்

தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மதுரை சிம்மக்கல்லில் அக்கா மகன் செல்போன் கடை வைத்திருக்கிறான். சாயங்காலம் அங்கே போய் உட்காருவது வழக்கம். ஸ்கிரீன் மாற்றுவது, சார்ஜர் விற்பது எல்லாம் அவன் பாடு. "சார், இதைக் கொஞ்சம் பாருங்க" என்று போனை நீட்டுகிறவர்கள் என் பக்கம் வருவார்கள். அப்படி நீட்டப்பட்ட போன்களில் ஒரே புகார் திரும்பத் திரும்ப வரவே, கேள்வியையும் பதிலையும் எழுதி வைத்தேன்.

என் நம்பரிலிருந்தே எனக்குக் கால் வந்திருக்கு. போனை யாரோ ஹேக் பண்ணிட்டாங்களா?

அநேகமாக இல்லை. உங்கள் போனையோ சிம்மையோ யாரும் தொடாமலே இப்படி ஒரு கால் வர முடியும். திரையில் தெரியும் நம்பரை மாற்றிக் காட்டுவதற்கு ஸ்பூஃபிங் என்று பெயர். அதற்கு உங்கள் நம்பர் தெரிந்தாலே போதும். அது விசிட்டிங் கார்டிலும் கடைப் பலகையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் இருக்கிற சங்கதிதானே.

பயப்படுவதற்கு முன்னால் பத்து இலக்கத்தையும் நிதானமாக ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள். கடைக்கு வருகிறவர்களில் சிலருக்கு ஏழாவதோ எட்டாவதோ இலக்கம் ஒன்று வேறாக இருக்கும். பார்த்த பதற்றத்தில் நம் நம்பர் மாதிரியே தெரியும். நம் நம்பரை ஒட்டிய நம்பரைக் காட்டினால் உள்ளூர் ஆள் என்று நினைத்து எடுப்போம் என்பதற்காக வேண்டுமென்றே அப்படிச் செய்கிறவர்களும் உண்டு. இன்னொன்று, இரண்டு சிம் போட்ட போன். சட்டைப்பையில் கிடக்கும்போது ஒரு சிம்மிலிருந்து இன்னொரு சிம்முக்கு அதுவாகவே கால் போட்டுக்கொண்ட போனையும் பார்த்திருக்கிறேன். அப்படியென்றால் கால் பட்டியலில் போன காலும் வந்த காலும் ஒரே நிமிஷத்தில் இருக்கும்.

சிம் என்கிட்ட இருக்கு. அப்புறம் எப்படி இன்னொருத்தன் என் நம்பரைக் காட்ட முடியும்?

நம்ம பக்கத்து மொய் நோட்டை வைத்துச் சொல்கிறேன். விசேஷ வீட்டு வாசலில் மேஜை போட்டு ஒருவர் மொய் எழுதுகிறார். உள்ளூர்க்காரர் வந்தால் முகம் பார்த்தே பேரை எழுதிவிடுவார். பேரை மாற்றிச் சொன்னால், "ஏப்பா, நீ சோணைமுத்து மகன்ல?" என்று கேட்டுவிடுவார். ஆனால் வெளியூரிலிருந்து ஒருவர், தான் மட்டும் வராமல், ஊரில் இருக்கிற பத்துப் பேர் மொய்யையும் சீட்டில் எழுதி மொத்தமாகக் கொண்டு வருகிறார். எழுதுகிறவர் என்ன செய்வார்? சீட்டில் உள்ள பேரை அப்படியே நோட்டில் ஏற்றுவார். அந்தப் பத்துப் பேரை அவர் கண்டாரா, கேட்டாரா? கொண்டு வந்தவர் மேல் நம்பிக்கை, அவ்வளவுதான்.

போன் நெட்வொர்க்கும் இப்படித்தான் நடக்கிறது. உங்கள் சிம்மிலிருந்து நீங்கள் கால் போட்டால் உங்கள் கம்பெனிக்கு அந்த சிம்மைத் தெரியும். எந்த நம்பரைக் காட்டுவது என்பதை நெட்வொர்க்கே தன் கணக்கிலிருந்து எடுத்துப் போடும். இன்னொரு நெட்வொர்க்கிலிருந்து, அதுவும் கடல் கடந்து மொத்தமாக வரும் கால்களுக்கு, நம்பர் என்பது சீட்டில் எழுதி வந்த பேர். எக்ஸ்சேஞ்சுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறையை வகுத்த காலத்தில், உலகம் முழுக்கப் போன் கம்பெனிகள் கொஞ்சம்தான். பெரும்பாலும் அரசாங்கத்துடையவை. ஒருவர் கொடுத்த நம்பரை இன்னொருவர் சந்தேகப்பட வேண்டிய அவசியம் அன்று இல்லை. பிறகு இன்டர்நெட் வழியாகக் கால் போடும் சின்னச் சின்னக் கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் வந்து அதே குழாயில் சேர்ந்துகொண்டன. நம்பிக்கை மட்டும் பழையபடியே இருந்தது.

இன்டர்நெட் காலில் அந்தச் சீட்டு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக, சுருக்கி எழுதிக் காட்டுகிறேன்:

```
INVITE sip:+9198xxxxxx21@gw.example SIP/2.0
From: <sip:+9198xxxxxx21@gw.example>
To: <sip:+9198xxxxxx21@gw.example>
```

`To` என்ற வரியில் யாருக்கு என்பது. `From` என்ற வரியில் யாரிடமிருந்து என்பது. இரண்டிலும் ஒரே நம்பரை எழுதினால் உங்களுக்கு நீங்களே கூப்பிட்ட மாதிரி ஆயிற்று. உங்கள் வீட்டு விசேஷத்தில் உங்கள் பேரிலேயே ஒருவன் மொய் எழுதிவிட்டுப் போன கதை. நடுவில் இருக்கிற கம்பெனி, "இந்த நம்பர் உன்னுடையதுதானா?" என்று கேட்டு நிறுத்த வேண்டும். கேட்காமல் விட்டால் அது அப்படியே உங்கள் திரைக்கு வந்துவிடும்.

நம்பர் மட்டும் இல்ல, நான் சேவ் பண்ணி வச்ச பேரே வந்துச்சே?

பேர் காற்றில் வரவில்லை, உங்கள் போனுக்குள்ளேயே இருந்தது. காலோடு வருவது நம்பர். உங்கள் போன் அந்த நம்பரைக் கான்டாக்ட்ஸில் தேடி, பொருந்தினால் அங்கே இருக்கிற பேரைக் காட்டுகிறது. பொருத்தம் பார்க்கும்போது பெரும்பாலும் கடைசி இலக்கங்களைத்தான் பார்க்கும். அதனால் முன்னால் ஒரு பூஜ்யம் அதிகமாக வந்தாலும் பேர் வந்துவிடும். ட்ரூகாலர் மாதிரி ஆப்களும் நம்பரை வைத்துப் பேர் தேடுகிறவைதான். நம்பரே பொய் என்றால் பேரும் பொய்.

இந்த விஷயத்தை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். சொந்த நம்பர் வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். "சின்னவன்" என்று பேர் போட்டு வந்து, அழுகிற குரலில், "அம்மா, ஆக்சிடென்ட் ஆயிருச்சு, உடனே பணம் போடு" என்றால் எந்த அம்மாவுக்குச் சந்தேகம் வரும்?

ஏதோ ஆப் இருக்காம், அதுல யார் நம்பரை வேணாலும் காட்டலாமாம். என் தம்பி சொல்றான்.

சாதாரணப் போனிலிருந்து, சாதாரண சிம்மில் அது நடக்காது. மேலே சொன்னபடி, காட்டும் நம்பரைப் போடுவது நெட்வொர்க். போனுக்கு அந்த உரிமை இல்லை. அப்படிப்பட்ட ஆப் என்று சொல்லப்படுபவை காலை இன்டர்நெட் வழியாக எங்கேயோ உள்ள ஒரு கம்பெனிக்கு அனுப்பி, அங்கிருந்து திரும்ப நம் ஊருக்குள் விடப் பார்க்கும். தம்பியிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: 2023-ஆம் வருஷத் தொலைத்தொடர்புச் சட்டத்தில், இப்படி அடையாளத்தை மாற்றுவதற்கு மூன்று வருஷம் வரை ஜெயில், ஐம்பது லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கிறது. விளையாட்டுக்கு என்று சொல்லித் தப்ப முடியாது.

பேப்பரில் அடிக்கடி வரும் "சிம் பாக்ஸ்" வேறு சமாச்சாரம். ஒரு வீட்டில் பெட்டி வைத்து அதில் நிறைய சிம்களைச் செருகி, வெளிநாட்டுக் கால்களை உள்ளூர்க் கால் போல வெளியே விடுவார்கள். அதில் திரையில் தெரிவது அந்தப் பெட்டியில் இருக்கிற உண்மையான சிம்மின் நம்பர். அதனால் உங்கள் நம்பரே உங்களுக்கு வந்தால் அது சிம் பாக்ஸ் வேலையாக இருக்காது.

இதைத் தடுக்க கவர்மென்ட் ஒண்ணும் பண்ணலையா?

பண்ணியிருக்கிறது. 2024 அக்டோபர் 22-ஆம் தேதி மத்திய தொலைத்தொடர்புத் துறை ஒரு தடுப்பு முறையைத் தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து ஒரு கால் +91 மொபைல் நம்பரைக் காட்டிக்கொண்டு வந்தால், அந்த நம்பர்காரர் உண்மையிலேயே இப்போது வெளிநாட்டில் ரோமிங்கில் இருக்கிறாரா என்று பார்க்கிறார்கள். உங்கள் சிம் சிம்மக்கல் டவரில் இருக்கும்போது உங்கள் நம்பர் கடல் தாண்டி எப்படிக் கால் போடும்? அதனால் அங்கேயே வெட்டிவிடுவார்கள். மொய் எழுதுகிறவர் சீட்டைப் பார்த்து, "இவர் ஊரிலேதானே இருக்கார், நீ எப்படி இவர் மொய்யைத் துபாய்லேருந்து கொண்டு வந்தே?" என்று கேட்க ஆரம்பித்த மாதிரி. தொடங்கிய முதல் 24 மணி நேரத்தில் சுமார் 1.35 கோடி கால்களைப் பொய் நம்பர் என்று கண்டு நிறுத்தியதாகத் துறை அறிவித்தது. இந்திய நம்பரைக் காட்டிக்கொண்டு வெளிநாட்டிலிருந்து வந்த கால்களில் அது சுமார் 90 சதவீதம்.

இதற்கு எல்லையும் உண்டு. இந்த வலை வெளிநாட்டு வாசலில் விரித்தது. உள்நாட்டிலேயே ஒரு ஆபீஸ் எக்ஸ்சேஞ்சுக்கு மொத்தமாக லைன் கொடுக்கும்போது, அந்த ஆபீஸ் பெட்டி எந்த நம்பரை அனுப்பினாலும் சரி என்று திறந்து விட்டிருந்தால், அந்த வழியாகப் பொய் நம்பர் நுழையலாம். லைன் கொடுக்கும் கம்பெனி, "உனக்குக் கொடுத்த நம்பர் வரிசையைத் தவிர வேறு எதையும் அனுப்பாதே" என்று வடிகட்ட வேண்டும். நான் வேலை பார்த்த காலத்தில் இந்த வடிகட்டலைப் போட மறந்து, ஒரு ஆபீஸிலிருந்து போன கால்கள் எல்லாம் சம்பந்தமில்லாத ஒரு வீட்டு நம்பரைக் காட்டின. அங்கே திருட்டு ஒன்றும் இல்லை, வெறும் தட்டச்சுப் பிழை. அந்த வீட்டு அம்மாள் எக்ஸ்சேஞ்சுக்கே வந்து சண்டை போட்டார்.

ஆயிரம் நம்பர் இருக்க, என் நம்பரையே ஏன் போடறான்?

எடுக்க வைப்பதற்கு. தெரியாத நம்பரை எடுக்காதவர்கள்கூட, "இதென்னடா கூத்து" என்று சொந்த நம்பரை எடுத்துப் பார்ப்பார்கள். ஸ்பாம் என்று யாரும் முத்திரை குத்தாத நம்பராகவும் அது இருக்கும். நீங்களே உங்கள் நம்பரைப் பிளாக் செய்திருக்க மாட்டீர்கள் அல்லவா? உங்கள் மேல் தனிப்பட்ட பகை என்று நினைக்க வேண்டாம். கம்ப்யூட்டர் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, யாருக்கு அடிக்கிறதோ அவர் நம்பரையே காட்டும்படி ஓடிக்கொண்டிருக்கும்.

எடுத்துப் பேசிட்டேன் சார். ஏதாவது ஆகுமா?

எடுத்ததால் ஒன்றும் ஆகாது. வரும் காலை எடுப்பதால் பேங்கில் பணம் குறையாது, போனுக்குள் யாரும் நுழைந்துவிட முடியாது. எடுத்த பிறகு என்ன செய்தீர்கள் என்பதுதான் கேள்வி. வில்லாபுரத்தில் இருந்து வந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியாரின் கதையைச் சொல்கிறேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருக்கிறார். போன் அடிக்கிறது. திரையில் "என் நம்பர்". தன் நம்பர் ஞாபகம் இருக்காது என்பதால் அவரே அப்படிச் சேவ் செய்து வைத்தது. எடுத்தால் பதிவு செய்த பெண் குரல்: "இன்னும் இரண்டு மணி நேரத்தில் உங்கள் எண் துண்டிக்கப்படும். மேலும் விவரத்துக்கு ஒன்பதை அழுத்தவும்." துண்டிக்கப்போவதாகச் சொல்லும் நம்பரிலிருந்தே கால் வந்திருப்பதால், கம்பெனி உள்ளே புகுந்துதான் பேசுகிறது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. யோசித்துப் பார்த்தால், சொந்த நம்பரைக் காட்டுவதில் இப்படி ஒரு தந்திரமும் இருக்கிறது.

ஒன்பதை அழுத்தினார். ஒரு ஆள் வந்தான். முதலில் ஹிந்தி, பிறகு தடுமாறிய தமிழ். உங்கள் ஆதாரில் மும்பையில் ஒரு சிம் வாங்கியிருக்கிறார்கள், அதிலிருந்து மோசடி நடந்திருக்கிறது, வழக்குப் பதிவாகியிருக்கிறது, ஆதாரின் கடைசி நான்கு எண்ணைச் சொல்லுங்கள் என்றான். சொன்னார். போலீஸ் அதிகாரி வாட்ஸாப் வீடியோவில் விசாரிப்பார், யாரிடமும் சொல்லாமல் அறைக்குள் இருங்கள் என்றான். நல்ல வேளையாக வாத்தியாரின் போனில் கேமரா வேலை செய்யவில்லை. அதைச் சரி செய்து வாங்கத்தான் பதறிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார்.

"அவசரம் தம்பி, போலீஸ் லைன்ல இருக்காங்க" என்று அக்கா மகனிடம் சொன்னதும் நான் போனை வாங்கிக்கொண்டேன். தொலைத்தொடர்புத் துறையோ, போன் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் டிராயோ இப்படிக் கூப்பிட்டு நம்பரைத் துண்டிப்பேன் என்று மிரட்டாது. வீடியோவில் உட்கார வைத்துக் கைது செய்வது, அதுதான் பேப்பரில் வருகிற "டிஜிட்டல் அரெஸ்ட்", நம் சட்டத்தில் கிடையாது. இதைச் சொன்னால் உடனே நம்பிவிடுவார் என்று நினைத்தேன். நம்பவில்லை. "அப்ப என் நம்பர் எப்படி வந்துச்சு?" என்று அதிலேயே நின்றார். மொய் நோட்டுக் கதை அன்றைக்குப் பிறந்ததுதான்.

பிறகு அவர் பேரில் எத்தனை மொபைல் இணைப்பு இருக்கிறது என்று தொலைத்தொடர்புத் துறையின் sancharsaathi.gov.in தளத்தில் பார்த்தோம். மூன்று இருந்தது. ஒன்று அவருடையது, ஒன்று அவர் வீட்டம்மாவுடையது. மூன்றாவதைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. விசாரித்தால், பேரன் காலேஜ் சேர்ந்தபோது இவர் பேரில் வாங்கிக் கொடுத்த சிம். மும்பை சிம் எதுவும் இல்லை. அதற்குப் பிறகுதான் மனிதர் டீ குடித்தார்.

அந்த நம்பருக்குத் திருப்பி அடிச்சா யார் எடுப்பாங்க?

உங்கள் நம்பருக்கு நீங்களே அடித்தால் பிஸி டோனோ ஒரு அறிவிப்போ கேட்கும். அவனுக்குப் போகாது. பொய் நம்பர் என்பது ஒரு வழிப் பாதை. காட்டுவதற்கு மட்டும்தான் அவனால் முடியும். அந்த நம்பருக்கு யாராவது அடித்தால் அது உண்மையான சொந்தக்காரருக்குத்தான் போகும்.

நமக்கு இருக்கிற பெரிய பிடி இதுதான். பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று பேங்க் நம்பரையே காட்டி வந்தாலும் சரி, மகன் பேரிலேயே வந்தாலும் சரி, வைத்துவிட்டு நீங்களாக அந்த நம்பருக்கு அடியுங்கள். பேங்க் என்றால் கார்டின் பின்னால் அச்சிட்டிருக்கும் நம்பர். "வைக்காதீங்க, லைன்லயே இருங்க" என்று அவர்கள் விடாமல் கெஞ்சுவதும் மிரட்டுவதும் எதற்கு? நீங்கள் திருப்பி அடித்தால் குட்டு உடைந்துவிடும் என்பதால்தான். அவன் பேச்சோடு பேச்சாக ஒரு நம்பரைக் கொடுத்து, "சந்தேகம்னா இதுல கேட்டுப் பாருங்க" என்றால் அதற்கு அடிக்காதீர்கள். அது அவன் ஆள் நம்பர்.

என் நம்பரை நானே பிளாக் பண்ணிடலாமா?

பண்ணினால் கெடுதல் இல்லை, பிரயோஜனமும் அதிகம் இல்லை. நாளைக்கு வேறு நம்பரில் வருவான். அடிக்கடி வந்து தூக்கத்தைக் கெடுத்தால் சில நாளைக்குப் பிளாக் செய்து வையுங்கள். வேறு யார் நம்பரும் தடைபடாது.

ஹேக் இல்லன்னு சொல்றீங்க. அதை எப்படி உறுதிப்படுத்திக்கிறது?

பயப்பட வேண்டிய விஷயங்கள் இரண்டு உண்டு. இரண்டுக்கும் அடையாளம் வேறு.

முதலாவது சிம் மாற்றம். உங்கள் பேரைச் சொல்லி வேறொருவன் டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டால், உங்கள் கையில் இருக்கும் சிம் செத்துவிடும். டவர் கம்பியே இருக்காது, "No service" என்று நிற்கும். பக்கத்து ஆள் போனில் அதே கம்பெனி சிம்முக்கு டவர் இருந்து உங்களுக்கு மட்டும் மணிக்கணக்கில் இல்லை என்றால் உடனே கம்பெனி ஷோரூமுக்கு ஓடுங்கள், பேங்குக்கும் சொல்லுங்கள். ஆனால் சொந்த நம்பரிலிருந்து கால் வந்தது என்கிறீர்கள். கால் வந்தது என்றாலே உங்கள் சிம் உயிரோடு இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இரண்டாவது கால் ஃபார்வர்டிங். உங்களுக்கு வரும் காலை இன்னொரு நம்பருக்குத் திருப்பி விட்டால், போனில் ஓடிபி சொல்லும் கால்கூட அவனுக்குப் போய்விடும். கூரியர்காரன் என்று சொல்லி ஒரு கோட் நம்பரை டயல் செய்ய வைத்து இதைச் செய்துவந்தார்கள். அந்தக் கோட் நம்பர் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்கத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. இருந்தாலும் போன் செட்டிங்ஸில் Call forwarding என்ற இடத்தைத் திறந்து ஒரு முறை பார்த்துவிடலாம். எல்லாக் காலும் என்று இருக்கும் முதல் வரியில் ஏதாவது நம்பர் இருந்தால் அது ஆபத்து, எடுத்துவிடுங்கள். கீழே பிஸி, டவர் இல்லாத நேரம் என்று இருக்கும் வரிகளில் தெரியாத நம்பர் ஒன்று இருந்தால் உடனே அலற வேண்டாம். மிஸ்டு கால் எஸ்எம்எஸ் அனுப்புவதற்காகக் கம்பெனியே போட்டு வைத்த நம்பராக இருக்கலாம். கஸ்டமர் கேரில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். இந்த நம்பரைப் பார்த்துப் பயந்து வந்தவர்களே எங்கள் கடையில் அதிகம்.

எனக்கு வரல. என் நம்பர்லேருந்து ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் போகுது. எல்லாரும் எனக்கு அடிச்சுத் திட்டறாங்க!

இது இன்னும் கொடுமை. மாட்டுத்தாவணியில் பூ வியாபாரம் செய்கிற ஒரு அக்காவுக்கு இப்படி நடந்தது. விடிகாலை ஏலம் முடிந்த நேரத்தில் போன் ஓயவில்லை. "லோன் கட்டச் சொல்லி மிரட்டறியா?", "நீதானே இப்பக் கூப்பிட்டே?" என்று ஆள் மாற்றி ஆள். மல்லிகை விலை கேட்டு அடிக்கிற நிஜ வியாபாரிக்கு லைன் கிடைக்கவில்லை.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். அவர் போனில் வெளியே போன கால்களைப் பார்த்தோம், அப்படி எதுவும் இல்லை. கம்பெனி ஆப்பில் இருந்து அந்த வாரத்துக் கால் விவரத்தை எடுத்துப் பார்த்தோம், அதிலும் இல்லை. கையில் இருக்கிற பட்டியலைவிட இது முக்கியம். போனில் இருப்பதை அழித்துவிட்டார் என்று ஒருவர் வாதாடலாம், கம்பெனி கணக்கை யாரும் அழிக்க முடியாது. சிம்மிலிருந்து கால் போகவே இல்லை என்பதற்கு அது சாட்சி. அதை எடுத்து வைத்துக்கொண்டு சைபர் கிரைமில் ஒரு புகார் பதிவு செய்யச் சொன்னேன். நாளைக்கு யாராவது அவர் பேரில் புகார் கொடுத்தால் இவர் கையில் அதற்கு முந்தின தேதியில் வாங்கிய ரசீது இருக்கும். வாட்ஸாப் ஸ்டேட்டஸில், "என் நம்பரைக் காட்டி யாரோ கூப்பிடறாங்க, பணம் கேட்டா நம்பாதீங்க" என்று போட்டார். நாலைந்து நாளில் ஓய்ந்துவிட்டது. பொதுவாக ஒரே நம்பரை அவர்கள் ரொம்ப நாள் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. அதனால் அவசரப்பட்டு நம்பரை மாற்றாதீர்கள். வியாபார நம்பரை மாற்றுவது கடையை இடம் மாற்றுவது மாதிரி.

அப்படி ஒரு காலுக்குத் திருப்பி அடிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எடுத்தவுடன் திட்டாதீர்கள். எதிர்ப்பக்கம் இருப்பவர் உங்களைப் போல ஏமாற்றப்பட்ட ஒரு பூக்கார அக்காவாக இருக்கலாம்.

எங்கே புகார் சொல்றது? சொன்னா கண்டுபிடிப்பாங்களா?

பணம் போயிருந்தால் வேறு எதுவும் யோசிக்காமல் 1930-க்கு அடியுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் நிறுத்தி வைக்கத்தான் அந்த எண். அப்புறம் cybercrime.gov.in தளத்தில் எழுதலாம். மதுரையில் மாநகரத்துக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனியே சைபர் கிரைம் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது.

பணம் போகவில்லை, கால் மட்டும்தான் வந்தது என்றால் sancharsaathi.gov.in தளத்தில் Chakshu என்ற பகுதி இருக்கிறது. வெளிநாட்டுக் கால் இந்திய நம்பரைக் காட்டி வந்ததைச் சொல்வதற்கு அதே தளத்தில் தனி இடம் உண்டு. தளம் திறக்கத் தெரியாதவர்கள் 1963 என்ற இலவச எண்ணுக்குச் சொல்லலாம்.

புகாரில் நம்பரை மட்டும் எழுதினால் பிரயோஜனம் இல்லை. நம்பர்தான் பொய்யாயிற்றே, அதை வைத்துத் தேடினால் உங்களிடமே வந்து நிற்பார்கள். வேண்டியது நேரம். தேதி, மணி, நிமிஷம், எத்தனை வினாடி பேசினீர்கள். எக்ஸ்சேஞ்சுக் கணக்கில் ஒவ்வொரு காலுக்கும் அது எந்த வழியாக உள்ளே வந்தது என்று பதிவாகியிருக்கும். உங்கள் கம்பெனி அந்த நிமிஷத்தைப் பார்த்து, எந்தக் கம்பெனி குழாயிலிருந்து வந்தது என்று சொல்லும். அவர்கள் தங்கள் கணக்கைப் பார்த்து, தங்களுக்கு யார் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். இப்படிக் கை மாறிய கையாகப் பின்னால் போய்த்தான் பிடிக்க வேண்டும். கடைசிக் கை வெளிநாட்டில் இருந்தால் அங்கே நின்றுவிடுவதும் உண்டு. அதனால் கால் பட்டியலைத் திறந்து, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முன்னால் +91 இல்லாமலோ, கூடுதல் பூஜ்யத்தோடோ நம்பர் தெரிந்தால் அதுவும் படத்தில் வரட்டும். சுத்தமில்லாத வழியாக வந்த காலில் அப்படிச் சில்லறைப் பிழைகள் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மகன் அமெரிக்காவுல இருக்கான். அவனுக்கும் இப்படி வருதாம். அங்கேயும் இதே கதைதானா?

அதே கதைதான், ஒரு விஷயம் கூடுதல். போனை எடுக்காதபோது கூப்பிட்டவர் சொல்வதைப் பதிந்து வைக்கும் பெட்டியான வாய்ஸ்மெயில் அங்கே அதிகம் புழக்கத்தில் இருக்கிறது. சில கம்பெனிகளில் சொந்த நம்பரிலிருந்து அடித்தால் பாஸ்வேர்டு கேட்காமல் பெட்டி திறக்கும்படி இருந்தது. உங்கள் நம்பரைக் காட்டி ஒருவன் அடித்தால் அந்தப் பெட்டி அவனை நீங்கள் என்றே நினைத்துவிடும். மகனிடம் வாய்ஸ்மெயிலுக்கு ஒரு பின் நம்பர் போட்டு, ஒவ்வொரு தடவையும் கேட்கும்படி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இங்கே நம் போன்களில் வாய்ஸ்மெயிலை யாரும் தொடுவதே இல்லை என்பதால் அந்தக் கவலை நமக்கு இல்லை.